விண்டோஸ் விழிக்கும் முன்பே

பிரவுசிங் சென்டரில் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள், வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள். பல கடைகளில், ரீஸ்டார்ட் செய்ததும் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருள் இருக்கும். ஆனால் அது விண்டோஸோடு சேர்ந்தே இயங்கும். யாரோ பென்டிரைவைச் செருகி, கணினி கிளம்பும்போது F12-ஐ அழுத்தி லினக்ஸில் நுழைந்தால் அதற்கு வேலையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் உளவு மென்பொருளை வைத்துவிடலாம்.

ஆகவே முதல் வேலை, ஃபர்ம்வேர் அமைப்புகளில் யுஎஸ்பி பூட்டை நிறுத்துவது. கூடவே அட்மின் பாஸ்வேர்டும் வேண்டும். இல்லையென்றால் நிறுத்தியதை யாரும் மறுபடி இயக்கலாம். பிறகு கடைக்காரரே லினக்ஸ் பென்டிரைவைச் செருகிச் சோதிக்க வேண்டும்.

செக்யூர் பூட் அடுத்த இடத்துக்குத்தான் வரும். உபுண்டு முறையான கையொப்பம் பெற்றது என்பதால் அதை இது தடுக்காது. கையொப்பமில்லாத பூட் நிரல்களையே தடுக்கும். 2022-இல் வெளிச்சத்துக்கு வந்த பிளாக்லோட்டஸ், பழைய விண்டோஸ் பூட் கோப்புகளிலிருந்த ஓட்டையால் இதையும் தாண்டியது. அதனால் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடக் கூடாது. msinfo32 திரையில் Secure Boot State என்பதற்கு நேரே On என்றிருக்கிறதா என்று பார்க்கலாம்.

கேபினெட்டுக்கும் பூட்டு தேவை. பல டெஸ்க்டாப்புகளில் மதர்போர்டின் பட்டன் பேட்டரியைக் கழற்றினாலே பாஸ்வேர்டு அழிந்துவிடும். கடிகாரம் திடீரெனப் பழைய தேதியைக் காட்டி, ஃபர்ம்வேர் பாஸ்வேர்டும் கேட்காமல் திறந்தால், பேட்டரி தீர்ந்திருக்கலாம் அல்லது யாரோ கழற்றியிருக்கலாம். அந்தக் கணினியைச் சரிபார்க்காமல் வாடிக்கையாளருக்குத் தரக் கூடாது.