மழை நாளில் மிளகாய் வற்றல்

ஐப்பசி பிறந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்து மிளகாய் காய வைக்கும் வேலை நின்றுவிடும். அப்போது கைகொடுக்கத்தான் டிஹைட்ரேட்டர் இருக்கிறது. அடியில் அல்லது பின்புறம் ஒரு சிறு விசிறி, ஒரு சூடேற்றி, மேலே சல்லடைத் தட்டுகள், அவ்வளவுதான் கருவி. வாங்கியவர்கள் முதலில் செய்வது சூட்டை ஏற்றிவிடுவது. சூடு கூடினால் சீக்கிரம் காயும் என்ற நினைப்புதான் காரணம்.

உண்மையில் காய வைப்பது காற்றின் வேலை. சூடு உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே தள்ளும். அதை அள்ளிக்கொண்டு போவது ஓடும் காற்று. உள்ளிருந்து ஈரம் வரும் வேகத்தை மேல்தோல் காயும் வேகம் முந்திவிட்டால், தோல் இறுகி ஓடுபோல் ஆகிவிடும். வெளியே மொறுமொறு, உள்ளே ஈரம். டப்பாவில் போட்டுச் சில நாளில் பூஞ்சை பிடிப்பது இப்படிக் காய்ந்தவைதான்.

மிளகாய்க்கு 57 முதல் 60 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. நீளமான சம்பா மிளகாயைக் கழுவி, துடைத்து, நீளவாக்கில் கீறி ஒரே அடுக்காகப் பரப்பினால் 8 முதல் 12 மணி நேரத்தில் காயும். கீறாமல் முழுதாகப் போட்டால் ஒரு நாள்கூட ஆகலாம். அதன் தோலில் இருக்கும் மெழுகுப் பூச்சு ஈரத்தை எளிதில் விடாது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு, அதனால் கீறுவது கட்டாயம் என்றே சொல்வேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நெடி வீடு முழுக்கச் சுற்றும். அதே நேரத்தில் பக்கத்துத் தட்டில் புதினாவோ மாம்பழமோ வேண்டாம்.

மணிக்கணக்கை நம்புவதைவிடத் தராசை நம்பலாம். ஒரு கிலோ பழுத்த மிளகாயில் முக்கால் கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் மீதி 250 கிராம்தான் சரக்கு. நல்ல வற்றலில் பத்து சதவீத ஈரம் நிற்கலாம். அப்படியானால் தட்டில் உள்ளது ஏறக்குறைய 280 கிராமுக்கு இறங்கும்போது வேலை முடிந்தது. 350 கிராமில் நின்றால் இன்னும் காய வேண்டும். மிளகாய்க்கு மிளகாய் நீரின் அளவு மாறும் என்பதால் கையாலும் பார்க்க வேண்டும்: ஆறவிட்டு ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், காம்படி ரப்பர் மாதிரி வளையக் கூடாது. ஈரம் கடைசியாகப் போகும் இடம் அதுதான்.

மாம்பழத்துக்கும் ஏறக்குறைய அதே 57 டிகிரிதான், ஆனால் சோதனை வேறு. பழுத்தும் கெட்டியாக இருக்கிற பங்கனப்பள்ளியை அரை சென்டிமீட்டர் தடிப்பில் ஒரே சீராக நறுக்கி, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கியெடுத்துப் பரப்ப வேண்டும். 8 முதல் 12 மணி நேரம்; பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். சூடாக இருக்கும்போது எந்தத் துண்டும் மெத்தென்றுதான் இருக்கும், ஆகவே ஆறிய பிறகே முடிவு செய்யுங்கள். கிழித்தால் நீர் முத்து அரும்பக் கூடாது. மடித்தால் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. தோல்போல் வளைந்தால் போதும், ஒடிய வேண்டியதில்லை.

காய்ந்த பழத்தைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்கும் குறைவாக நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். துண்டுகளுக்கிடையே ஈரம் சமமாகிவிடும். ஜாடியின் உட்புறம் வியர்த்தால் உடனே மறுபடி தட்டுக்குப் போக வேண்டும்.

இலைகளுக்குச் சூடு ஆகாது. அவற்றின் வாசனை எண்ணெயில் இருக்கிறது, அது சூட்டில் பறந்துவிடும். புதினாவுக்கு 35 முதல் 40 டிகிரி, 2 முதல் 4 மணி நேரம். கறிவேப்பிலைக்குச் சற்றுக் கூடுதலாக. விரலில் நொறுங்கினால் எடுத்துவிடலாம். கொத்தமல்லியைக் காய வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, பச்சை நிறம் மிஞ்சும், மணம் மிஞ்சாது.

டிஹைட்ரேட்டர் இல்லாதவர்கள் ஓவனைப் பயன்படுத்தலாமா? குறைந்தபட்சச் சூடு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பல ஓவன்களில் அது 100 டிகிரி. அதில் காயாது, வெந்துபோகும். 60-க்கு இறங்குகிற ஓவன் என்றால், கதவின் இடுக்கில் மரக்கரண்டி வைத்துச் சில அங்குலம் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் நீராவி உள்ளேயே சுற்றும். விசிறி இருந்தால் போட்டுவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது திருகியில் உள்ள எண்ணை நம்ப முடியாது, தட்டின் மேல் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வைப்பது நல்லது. குழந்தைகள் உள்ள வீட்டில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். காற்றோட்டம் குறைவு என்பதால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மின்கட்டணத்தையும் கணக்கில் கொண்டால் ஒரு தட்டு மாம்பழத்துக்கு அது சரி. கிலோக்கணக்கில் மிளகாய்க்குக் கட்டாது.

வற்றலைப் பிளந்து பார்க்கும்போது உள்ளே கறுப்போ சாம்பல் பொடியோ தெரிந்தால் அதை வறுத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள். மிளகாயில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விடும், அது சமையல் சூட்டில் அழியாது. அந்த மிளகாயைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.