உங்கள் பதிவின் கீழே இன்னொருவர் கடை போட்டால்

இளம்பிள்ளையில் இருந்துகொண்டு இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கணக்கின் பெயர் `maadhiri_kadai` என்று வைத்துக்கொள்ளலாம். இரவு பத்தரை மணிக்கு ஒரு பெண் அந்தக் கடையின் பதிவுக்குக் கீழே, “பணம் கட்டி பத்து நாள் ஆச்சு, கூரியர் வரல, ரீஃபண்ட் எப்போ தருவீங்க?” என்று எழுதுகிறார். கடைக்காரர் தூங்கப் போய்விட்டார். ஆனால் நாலே நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது: “சிரமத்துக்கு மன்னிக்கவும் மேடம். எங்கள் கஸ்டமர் கேரை உடனே தொடர்புகொள்ளுங்கள்.” அதே லோகோ, அதே கடைப் பெயர், கூடவே ஒரு வாட்ஸ்அப் எண்.

அந்த எண்ணுக்கு அழைத்தால் பேசுகிறவர் மிகவும் மரியாதையாகப் பேசுவார். ரீஃபண்ட் தயாராக இருக்கிறது, இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார். அல்லது ஒரு ஆப்பை அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொல்வார். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது. அனுப்பிய ஆப், நம் போன் திரையை அவர் அங்கிருந்தே பார்ப்பதற்கோ ஓடிபியைப் படிப்பதற்கோ வந்தது. இழந்தவர் மறுநாள் திட்டப்போவது கடைக்காரரைத்தான்.

இந்த ஆட்கள் தேடுவது கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரை. பணம் திரும்பி வர வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்க மாட்டார். அதனால் பார்க்க வேண்டிய பொறுப்பு கடைக்காரருக்கு வருகிறது.

முதலில் கணக்கின் பெயர். கொட்டை எழுத்தில் தெரியும் கடைப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அடையாளம் காட்டுவது சிறிய எழுத்தில் இருக்கும் யூசர்நேம். அது ஒருவருக்கு ஒன்றுதான். எனவே போலிக்காரர் ஏதாவது ஓர் இடத்தில் மாற்றியே ஆக வேண்டும். `maadhiri__kadai` என்று அடிக்கோட்டை இரட்டிப்பார். `rnaadhiri_kadai` என்று m-க்குப் பதில் r, n இரண்டையும் ஒட்டி வைப்பார். போன் திரையில் வித்தியாசமே தெரியாது. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்துக்குப் போய் மூன்று புள்ளியைத் தொட்டு, About this account இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு எந்த மாதம் தொடங்கப்பட்டது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, இதற்கு முன் எத்தனை பெயர் மாற்றியது என்று அதில் பெரும்பாலும் தெரியும். பல வருடமாக நடக்கும் கடையின் ‘கஸ்டமர் கேர்’ போன மாதம் பிறந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். பேஸ்புக் பக்கங்களுக்கு இதே விவரம் Page transparency என்ற பகுதியில் இருக்கும். பேஸ்புக்கில் பதிவை எழுதிய பக்கமே பதில் சொன்னால் பெயருக்கு அருகே Author என்று வரும். யூடியூபில் சேனல்காரரின் பெயர் தனி நிறப் பட்டைக்குள் தெரியும். போலியால் இவற்றைப் பெற முடியாது. நீல டிக்கை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். 2023க்குப் பிறகு அதை மாதச் சந்தா கட்டியும் வாங்கலாம்.

அடுத்தது லிங்க். இப்படி ஒன்று வருகிறது:

```
https://maadhirikadai.in.refund-desk.example/claim
```

கண் முதலில் கடைப் பெயரில் போய் நிற்கும். படிக்க வேண்டியதோ `https://` முடிந்த பிறகு வரும் முதல் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாக. சாய்கோட்டுக்கு ஒட்டி இருப்பது `refund-desk.example`. அதுதான் இந்த முகவரியின் உண்மையான சொந்தக்காரர். அதற்கு முன்னால் கடைப் பெயர், வங்கிப் பெயர் என்று எதை வேண்டுமானாலும் அவர் சேர்த்துக்கொள்ளலாம். லிங்கைத் திறந்து சோதிக்க வேண்டாம். காப்பி மட்டும் செய்து virustotal.com தளத்தில் ஒட்டினால் பல பாதுகாப்பு நிறுவனங்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். ஆனால் இன்று காலை தொடங்கிய மோசடித் தளம் அங்கே சுத்தமானதாகவே தெரியக்கூடும். ஆகவே அங்கே வரும் சிவப்பை நம்பலாம், பச்சையை நம்ப முடியாது.

இப்போது நீக்குவது. பலரும் ஆத்திரத்தில் முதல் வேலையாக டெலீட் செய்துவிடுகிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்வது, புகார் எழுதிய அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்வதை. கமெண்ட் வந்த அறிவிப்பு ஏற்கெனவே அவர் போனுக்குப் போயிருக்கும், எண்ணைக் குறித்தும் வைத்திருப்பார். நீங்கள் அழிப்பது உங்கள் பதிவிலிருந்துதான். அவர் போனில் பதிந்த எண்ணை அழிக்க முடியாது. “மேடம், மேலே எண் கொடுத்திருப்பது நாங்கள் இல்லை, அழைக்காதீர்கள். உங்கள் ஆர்டரை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று அவர் கமெண்டுக்குக் கீழேயும் மெசேஜிலும் எழுதுங்கள். எச்சரிக்கிறேன் என்று அந்த எண்ணையே திரும்ப எழுதிவிடாதீர்கள்.

பிறகு ஸ்கிரீன்ஷாட். யூசர்நேமும் நேரமும் தெரிய வேண்டும். போலிப் பக்கத்தின் முகவரியையும் காப்பி செய்து வையுங்கள். சைபர் கிரைம் புகாரில் அது தேவைப்படும். அடுத்து கமெண்டை ரிப்போர்ட் செய்து, கணக்கையும் தனியே, வேறொருவர் போல நடிப்பதாக ரிப்போர்ட் செய்யுங்கள். அதற்கப்புறம் டெலீட், கடைசியில் பிளாக். வரிசை மாறினால் கமெண்ட் போய்விடும், பிளாக் செய்த கணக்கைத் தேடிப் பிடிப்பதும் சிரமமாகிவிடும். சில போலிகள் அசல் கடையை அவர்களே பிளாக் செய்து வைத்திருப்பார்கள். உங்கள் கணக்கில் அந்தப் பக்கம் தெரியவில்லை என்றால் வீட்டில் வேறொருவர் போனில் தேடிப் பாருங்கள்.

பேஸ்புக்கில் Hide கொடுப்பது போதாது. மறைத்த கமெண்ட் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். இன்ஸ்டாகிராமின் Hidden Words பகுதியில் `wa.me`, `t.me`, `customer care`, `helpline` போன்றவற்றைச் சேர்த்து வைத்தால் அவை உள்ள கமெண்டுகள் தானாக மறையும். `refund` என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம், உண்மையான வாடிக்கையாளரின் குரலும் சேர்ந்து மறைந்துபோகும். எண்களுக்கு நடுவே புள்ளியும் இடைவெளியும் வைத்து எழுதுகிறவரை இந்த வடிகட்டி பிடிக்காது என்பதால் கமெண்டுகளைக் கண்ணால் பார்ப்பதை விட முடியாது. அந்த வேலையை ஊழியரிடம் ஒப்படைப்பதாக இருந்தால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பேஸ்புக் பக்கத்தில் கமெண்டுகளை மட்டும் கவனிக்கும் அனுமதியைத் தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது.

போலியைத் துரத்தும்போது கடைக்காரருக்கென்றே இன்னொரு வலை காத்திருக்கும். “உங்கள் பக்கம் விதிகளை மீறியதால் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இங்கே முறையிடுங்கள்” என்று மெட்டாவின் பெயரில் ஒரு மெசேஜோ டேகோ வரும். அந்த லிங்க் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். உண்மையிலேயே பிரச்சினை இருந்தால் ஆப்பின் செட்டிங்ஸில் Account Status பகுதியில் தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மெசேஜையும் அதே வரிசையில் ரிப்போர்ட் செய்து நீக்கிவிடலாம்.

வாடிக்கையாளர் ஏற்கெனவே பணத்தை இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிகிறதா என்பது நேரத்தைப் பொறுத்தது. புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். போலிக் கணக்கை ரிப்போர்ட் செய்தும் நிறுவனம் நீக்க மறுத்தால், அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் முடிவும் ஏற்கும்படி இல்லையென்றால், முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் gac.gov.in என்ற மத்திய அரசின் மேல்முறையீட்டுத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டும் பக்க முகவரியும் அங்கே ஆதாரமாகும்.