25 வட்டம், 33,750 மரம்

புதுக்கோட்டைப் பக்கம் தைல மரத் தோட்டங்கள் அதிகம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 1,667 கன்று பிடிக்கும். கரையான், வறட்சி, திருட்டு வெட்டு எல்லாம் போக மிச்சம் எத்தனை நிற்கிறது என்பதை வைத்துத்தான் விலை பேச முடியும். 25 ஹெக்டேரில் ஒவ்வொரு மரமாக எண்ண ஆள்கூலி கட்டுப்படியாகாது. அதனால் மாதிரி வட்டங்கள்.

வரைபடத்தில் 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டம் போட்டு, கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் 7.98 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் எடுக்கிறார்கள். அதன் பரப்பு 200 சதுர மீட்டர். முதல் புள்ளியைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். கட்டம் மர வரிசைக்குச் சற்றுச் சாய்வாக இருப்பது நல்லது. இணையாகப் போட்டால் எல்லா வட்டமும் வரிசைகளை ஒரே மாதிரி வெட்டிவிடக்கூடும். விளிம்பில் நிற்கும் மரத்துக்கு, அடித்தண்டின் மையம் கயிற்றுக்கு உள்ளே இருந்தால் கணக்கு, வெளியே இருந்தால் இல்லை. வெட்டிய கட்டையில் மூன்று தண்டு தழைத்திருந்தால் அது ஒன்றா மூன்றா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 வட்டத்தில் மொத்தம் 675 மரம்; சராசரி 27. ஒரு ஹெக்டேரில் இப்படி 50 வட்டம் அடங்கும் என்பதால் ஹெக்டேருக்கு 1,350, தோட்டத்துக்கு 33,750. வட்டத்துக்கு வட்டம் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 8 என்று வைத்துக்கொள்வோம். அதை 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் 1.6. அட்டவணை தரும் 2.06-ஆல் பெருக்கினால் வட்டத்துக்கு 3.3 மரம், தோட்டத்துக்குச் சுமார் 4,100. ஆக 29,600-க்கும் 37,900-க்கும் இடையில். இப்படிப் போடும் எல்லைகளில் 100-க்கு 95 உண்மை எண்ணிக்கையை உள்ளடக்கும். இந்தப் பிழையைப் பாதியாக்க நினைத்தால் வட்டம் நாலு மடங்காக வேண்டும்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் காட்டில்தான். 25-இல் ஒரு வட்டம் மரமே இல்லாத பொட்டலில் விழுகிறது. "இங்க என்னத்தை எண்றது, அந்தப் பக்கம் போவோம்ணே" என்று அளவு ஆட்கள் சொல்வது இயல்பு. அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் சராசரி 28.1 ஆகி, மதிப்பீடு 1,400 மரம் ஏறிவிடும். அதைவிடக் கெடுதல், திட்டவிலக்கம் 5.8-க்கு இறங்கிப் பிழை 3,100-ஆகச் சுருங்குகிறது. கணக்கு தப்பானதோடு, முன்னைவிட நம்பகமானதாகவும் தெரிகிறது. தோட்டத்தில் பொட்டல் இருப்பது உண்மை என்றால் ஏட்டிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். ஏட்டில் ஒரு பூஜ்யம்கூட இல்லாமல், நேரில் இடைவெளிகள் தெரிந்தால், சில வட்டங்களுக்குத் திரும்பப் போய் அளந்து பார்ப்பதே வழி.

பரப்பு தப்பானால் இந்த ± அதைக் காட்டாது. கிணறும் வண்டிப்பாதையும் உள்ள 1.5 ஹெக்டேரில் வட்டமே போடாமல் விட்டுவிட்டு, பெருக்கும்போது பட்டாவிலுள்ள 25-ஐ எடுத்தால், இல்லாத 2,000 மரம் கணக்கில் சேர்ந்துவிடும்.