பன்னிரண்டாயிரம் கட்டினால் பார்சல்

என் அக்கா மகன் கோவையில் இருக்கிறான். காபிப் பைத்தியம். கொட்டையை அவனே வறுப்பான், அவனே அரைப்பான். 2024 தொடக்கத்தில் பிரிட்டனில் உள்ள ஒரு சின்னக் கடையின் இணையதளத்தில், கையால் சுற்றி அரைக்கும் காபி மில் ஒன்றை வாங்கினான். விலை 120 பவுண்டு, அனுப்பும் கூலி 20 பவுண்டு. பவுண்டு 105 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 14,700 ரூபாய். பதினோராம் நாள் கூரியர் நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது: பார்சல் சுங்கத்தில் இருக்கிறது, 12,068 ரூபாய் கட்டினால் விடுவிக்கப்படும்.

"மாமா, பொருளே பதினாலாயிரம்தான். அதுக்குப் பன்னிரண்டாயிரம் வரியா? யாரோ ஏமாத்துறாங்க" என்று போன் செய்தான்.

சந்தேகம் நியாயமானதுதான். சுங்கத்தின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நிறைய. அதனால் செய்தியில் வந்த இணைப்பைத் தொடாதே, கூரியரின் தளத்தை நீயே திறந்து, விற்பவர் கொடுத்த பார்சல் எண்ணைப் போட்டுப் பார் என்றேன். அங்கேயும் அதே தொகை நின்றது. தனியார் வங்கிக் கணக்குக்கோ யாருடைய யுபிஐ எண்ணுக்கோ பணம் கேட்டிருந்தால் கதை வேறு. இது நிஜமான வரி.

கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருளுக்கு அன்றைக்கு அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம். அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இரண்டையும் பொருளின் மதிப்போடு கூட்டி, வந்த தொகைக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி. வரிக்கும் வரி என்பதால் மொத்தம் 77.28 சதவீதத்தில் போய் நிற்கும். அனுப்பும் கூலியும் மதிப்பில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 14,700க்கு வரி 11,360 ரூபாய். மீதி 708 ரூபாய் கூரியரின் சேவைக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும்.

அதற்குப் பிறகு விகிதங்கள் இறங்கியிருக்கின்றன. 2025 செப்டம்பரில் இந்த வகைக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானது. 2026-27 மத்திய பட்ஜெட்டில் அடிப்படை வரியை 20லிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். இன்றைக்கு வாங்குபவருக்கு அடி சற்று மெதுவாக விழும். ஆனால் மாட்டிக்கொள்ளும் விதம் மாறவில்லை.

'பரிசுப் பொருள் என்று போடச் சொல்லியிருக்கலாமே' என்று அவன் நண்பன் யோசனை சொன்னானாம். அந்த வாசல் 2019 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. தபாலிலோ கூரியரிலோ பரிசு என்ற பெயரில் பொருள் வரவழைப்பதை, உயிர் காக்கும் மருந்து, ராக்கி போன்ற சில விலக்குகள் தவிர, அப்போதே தடை செய்தார்கள்.

அடுத்து அவன் செய்ததுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கோபத்தில் கடைக்காரருக்கு எழுதினான்: "இவ்வளவு சுங்க வரி என்று நீங்கள் சொல்லவே இல்லை. நான் கட்டப் போவதில்லை. பார்சலை வாங்க மாட்டேன். என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்." மறுநாளே பதில் வந்தது. இறக்குமதி வரி வாங்குபவரின் பொறுப்பு என்று எங்கள் நிபந்தனைகளில் இருக்கிறது, வரி கட்ட மறுத்த பார்சல்களுக்குப் பணம் தருவதில்லை, வருந்துகிறோம்.

கடைக்காரர் கல்நெஞ்சர் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். கூரியர் பார்சலைத் திருப்பி எடுத்துப் போனால், அந்தக் கூலியை அனுப்பியவர் கணக்கில்தான் எழுதும். போகும்போது கொடுத்த சலுகை விலை திரும்பி வரும்போது கிடைக்காமல் போகலாம். அதோடு, பிரிட்டனுக்குள் திரும்பி நுழையும் பார்சலை அங்கே சுங்கம் புது இறக்குமதியாக எடுத்துக்கொண்டு வரி கேட்கலாம். திரும்பி வந்த பொருளுக்கு வரிவிலக்கு அங்கே உண்டு. ஆனால் அதற்கு, மூன்று ஆண்டுக்குள் அதே பொருள் அதே நிலையில் திரும்பி வந்திருக்கிறது என்று காகிதம் காட்ட வேண்டும். இரண்டு பேர் நடத்தும் கடைக்கு இது தலைவலி. 'நிபந்தனைகளில் இருக்கிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம்.

பணம் திரும்ப வேண்டுமென்றால் அந்தத் தலைவலியை நாம் தீர்த்துக் கொடுக்க வேண்டும். திட்டுவதால் அது தீராது.

அதற்கு முன் இங்கே பார்சல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சில கூரியர்கள் வரியைத் தாங்களே சுங்கத்தில் கட்டிவிட்டுப் பிறகு நம்மிடம் கேட்பார்கள். அப்படிக் கட்டியாகிவிட்டால், பார்சலை மறுத்தாலும் அந்தத் தொகையைக் கேட்டு பில் துரத்தும். இவன் பார்சலுக்கு இன்னும் கட்டவில்லை. அடையாள ஆவணம் கேட்டுக் காத்திருந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. சுங்கச் சட்டம் 1962இன் 23ஆம் பிரிவின்படி, பொருளை விடுவிக்கும் உத்தரவு பிறப்பதற்கு முன் அதன் மேலான உரிமையைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் பொருளும் போய்விடும், கடைக்காரருக்கும் திரும்பாது. பொருளையே விட்டவனுக்குக் கடைக்காரர் எதற்குப் பணம் தருவார்? எதுவும் செய்யாமல் முப்பது நாள் விட்டாலும் 48ஆம் பிரிவின்படி அதை விற்றுவிட வழி இருக்கிறது. ஆகவே கூரியருக்கு எழுதும்போது 'எனக்கு வேண்டாம்' என்பதோடு நிறுத்தக் கூடாது. 'அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அவர் சம்மதம் வரும்வரை நிறுத்தி வையுங்கள்' என்று எழுத வேண்டும்.

"கிரெடிட் கார்டு வங்கியிடம் புகார் கொடுத்துப் பணத்தைப் பிடுங்கிடலாமே?" என்று கேட்டான். முடியலாம், ஆனால் 'பொருள் வந்து சேரவில்லை' என்ற பெயரில் முடியாது. வாங்கியவரின் நாட்டுச் சுங்கத்தில் பொருள் நிற்கிறது என்றால் அந்தக் காரணத்துக்கான புகார் செல்லாது என்று விசா கார்டு விதிகளிலேயே இருக்கிறது. திருப்பித் தரும் கட்டுப்பாடுகளைக் கடைக்காரர் பணம் வாங்கும் முன் சரியாகக் காட்டவில்லை என்பது வேறு வகைப் புகார். அதற்கு இடம் உண்டு. அதனால் அவனை ஆர்டர் செய்த பக்கங்களை மீண்டும் திறந்து பார்க்கச் சொன்னேன். 'வரி உங்கள் பொறுப்பு' என்ற வரி பணம் கட்டும் பக்கத்திலேயே, சின்ன எழுத்தில், இருந்தது. அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. அதைப் படித்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆனால் அதே பக்கங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விலைக்குக் கீழே 'வாட் வரி உட்பட' என்று போட்டிருந்தது. பிரிட்டனில் வாட் 20 சதவீதம். நாட்டை விட்டு வெளியே போகும் பொருளுக்குக் கடைக்காரர், ஏற்றுமதி ஆனதற்கான சான்றை வைத்திருந்தால், வாட் வசூலிக்க வேண்டியதில்லை. 140 பவுண்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 23.33 பவுண்டு, இவன் அந்த நாட்டுக்குக் கட்டிய வரி. இரண்டு நாட்டுக்கும் வரி கட்ட அவன் என்ன ஏற்றுமதி வியாபாரியா?

இதையெல்லாம் வைத்து இரண்டாவது கடிதம் எழுதினோம். அவன் ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வணக்கம். என் முந்தைய கடிதம் கோபத்தில் எழுதியது, மன்னிக்கவும். ஆர்டர் எண்ணும் பார்சல் எண்ணும் கீழே இருக்கின்றன. இறக்குமதி வரி என் பொறுப்பு என்பதை ஏற்கிறேன். பார்சல் இன்னும் சுங்கத்தில்தான் இருக்கிறது. திறக்கப்படவில்லை, வரி கட்டப்படவில்லை. இரண்டு வழி சொல்கிறேன், உங்களுக்கு எது வசதியோ அதைச் சொல்லுங்கள். முதலாவது: பார்சலைத் திருப்பி அனுப்பும்படி கூரியருக்கு நீங்கள் எழுதுங்கள். திரும்பும் கூலியையும், முதலில் அனுப்பிய கூலியையும் கழித்துக்கொண்டு, பொருள் உங்கள் கைக்கு வந்து 14 நாளுக்குள் மீதியை அதே கார்டுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்த பொருளுக்கான வரிவிலக்குக் கேட்க, உங்கள் விலைப்பட்டியலும் கூரியரின் ஏற்றுமதிச் சான்றும் போதுமா என்று சொல்லுங்கள். என் பக்கத்துக் காகிதம் எதுவானாலும் அனுப்புகிறேன். இரண்டாவது: நான் வரியைக் கட்டிப் பொருளை எடுத்துக்கொள்கிறேன். விலையில் சேர்ந்திருந்த பிரிட்டன் வாட் 23.33 பவுண்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்தியாவில் வந்து சேர்ந்ததற்கான சான்றை நான் தருகிறேன். கூரியர் வைத்திருக்கும் கெடு முடியுமுன், வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை."

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். திருப்பி அனுப்பினால் போன கூலி 20 பவுண்டு, திரும்பும் கூலி சுமாராக 30, வங்கி எடுத்துக்கொண்ட அந்நியச் செலாவணிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்தை ஒட்டி நட்டம்; கையில் மில் இருக்காது. வரி கட்டினால் மில்லின் அடக்க விலை 26,768. அதே தரத்து மில் இங்கே ஒரு கடையில் 19,000க்கு இருந்தது. ஆக ஏழாயிரத்து எழுநூறு கூடுதல். வாட் திரும்பினால் அது ஐந்தாயிரத்து முந்நூறாகக் குறையும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'வாங்க மாட்டேன்' என்ற வீறாப்பில் கூரியருக்குப் பதில் சொல்லாமல் இருந்திருந்தால்தான் 14,700ம் போயிருக்கும்.

வியாழக்கிழமை பதில் வந்தது. திருப்பி எடுக்க முடியாது என்பதில் கடைக்காரர் உறுதியாகவே இருந்தார்; போன வருடம் இப்படித் திரும்பிய ஒரு பார்சல் மூன்று மாதம் எங்கோ சுற்றி உடைந்து வந்ததாம். வாட் தொகையைத் தருகிறோம், ஏற்றுமதிச் சான்று கூரியரிடமே இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஒரு வாரத்தில் கார்டுக்குப் பணம் வந்தது. பவுண்டை ரூபாயாக்கியதில் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டதால் கணக்கில் ஏறியது 2,400க்குக் கொஞ்சம் குறைவு.

அவன் கூரியர் தளத்தில் 12,068 கட்டினான். ரசீதில் வரி தனியாக, கூரியர் கட்டணம் தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறதா, சுங்கத்தில் கட்டியதற்கான ஆவண எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள் என்றேன். மில் பழுதாக இருந்தாலோ சொன்னது போல் இல்லாவிட்டாலோ, பயன்படுத்தாமல் முப்பது நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்து கட்டிய வரியைக் கேட்க 26ஏ பிரிவு வழி தருகிறது. அந்த ஆவணம் இல்லாமல் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. நல்லவேளை, மில்லில் குறையில்லை. மறுநாள் காலை ஏழரை மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது: டவரா, டம்ளர், ஓரத்தில் அந்த மில். கீழே ஒரு வரி, 'மாமா, இந்த ஒரு டம்ளர் இருபத்தாறாயிரம்.'