கணக்கு முடிந்த பிறகு ஒரு கடிதம்

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரருக்கு நாம் அனுப்புவது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் வரிதான்: சாவியைக் கொடுத்துவிட்டோம், நன்றி. ஓரிரு வருடம் இருந்த வீட்டுக்கு அது போதும். பிள்ளைகள் தவழ்ந்து வளர்ந்த வீட்டுக்கு, அதுவும் வீட்டுக்காரர் நல்ல மனுஷராக இருந்துவிட்டால், போதாது.

எப்போது எழுதுவது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அட்வான்ஸ் கணக்கு தீராத நேரத்தில் எழுதும் நன்றி, எவ்வளவு உண்மையானாலும், பணத்துக்கு அடிபோடுவதாகப் படும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. பெயின்ட் செலவு, கடைசி கரண்ட் பில் எல்லாம் கழித்துப் பணம் கைக்கு வரட்டும். அதன்பிறகு எழுதினால் நன்றி நன்றியாகவே போய்ச் சேரும்.

சென்னை ஜாபர்கான்பேட்டையில் கீழ்ப்போர்ஷனில் இருந்து, இப்போது தாம்பரம் பக்கம் போய்விட்ட ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு இப்படி எழுதலாம்:

“அம்மா, வணக்கம். இங்கே சாமான்களை அடுக்கி முடித்தோம். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய ராத்திரி, நாங்கள் கூப்பிடும் முன்பே நீங்கள் இறங்கி வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனீர்கள். தண்ணீர் வடியும்வரை உங்கள் கூடத்தில்தான் படுத்திருந்தோம். அந்த மாத வாடகையைக் கொண்டுவந்தபோது, முதலில் மெத்தை வாங்கு என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போது சொல்கிறேன், ரொம்ப நன்றி அம்மா. பொங்கல் லீவில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். ஐயாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் நாளைச் சொல்லுங்கள், வழக்கம்போல நானே வருகிறேன்.”

இதில் வீட்டுக்காரரைத் தெய்வமாக்கும் வரி எதுவும் இல்லை. அப்படிப் பொதுவாகப் புகழ்ந்தால் படிப்பவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். அவரே மறந்திருக்கக்கூடிய ஒரு நாளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்று காட்டினால் போதும். ஒழுகிய குழாய், ஏறிய வாடகை பற்றிய பேச்சும் இங்கே வேண்டாம்.

உறவு தொடரும் என்பதைக் கடைசி இரண்டு வரிகள் சொல்லிவிடுகின்றன. ‘வீட்டுப் பக்கம் வாருங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வருவதில்லை. நாம் போகும் நாள், நாம் செய்யப்போகும் வேலை என்று குறிப்பாக இருக்க வேண்டும். அதே கடிதத்தில் உதவி கேட்டுவிடாதீர்கள். தபால் வந்தால் எடுத்துவையுங்கள் என்று எழுத வேண்டிய நிலை வராமல், கேஸ், வங்கி, ஆதார் முகவரிகளை முன்பே மாற்றிவிடுங்கள்.

வயதானவர்களாக இருந்தால் பெரிய எழுத்தில், பேனாவால் எழுதிக் கொடுங்கள். சொன்ன பொங்கலுக்குத் தவறாமல் போய் வாருங்கள்.