வாய்விட்டுப் போடும் கணக்கு

10 லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தில் முடிதிருத்தும் தொழிலாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நேர்முகத் தேர்வில் இப்படிக் கேட்டால் பலரும் திகைத்துப் போகிறார்கள். படித்த சூத்திரம் எதுவும் உதவிக்கு வராததால், "ஒரு ஐயாயிரம் பேர் இருக்கலாம்" என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு, சரியா தவறா என்று எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இத்தகைய கேள்விகளை ஃபெர்மி கணக்குகள் என்பார்கள். இத்தாலியில் பிறந்த இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயரால் வந்தது இது. 1945 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, அவர் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தார். வெடிப்பின் அதிர்வலை வந்து சேர்ந்த நேரத்தில் கையிலிருந்த காகிதத் துண்டுகளை விழவிட்டார். அவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. அதை வைத்தே, குண்டின் வலு 10,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமாக இருக்கும் என்றார். பின்னர் நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த அளவு சுமார் 21,000 டன். இரு மடங்கு வித்தியாசம்தான். 1,000 டன்னா, ஒரு லட்சம் டன்னா என்று தெரியாத நிலையில் அது மிக நல்ல விடை.

நம் கேள்விக்கு வருவோம். தெரியாத பெரிய எண்ணை நேரே தேடாமல், ஓரளவு தெரிந்த சின்ன எண்களாக உடைக்க வேண்டும். அதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

"10 லட்சத்தில் ஆண்கள் பாதி, 5 லட்சம். இளைஞர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டுவார்கள், பெரியவர்கள் இரண்டு மாதம்கூட விட்டுவிடுவார்கள். சராசரியாக மாதம் ஒருமுறை என்று வைக்கிறேன். ஆக, மாதத்துக்கு 5 லட்சம் முடிவெட்டு. ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு வெட்டுவார்? அது எனக்குத் தெரியாது."

இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டியதில்லை. நிச்சயம் இதற்குக் கீழே போகாது, நிச்சயம் இதற்கு மேலே போகாது என்று இரண்டு எல்லைகளைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 5 பேர்கூட வராவிட்டால் சலூன் நடத்த முடியாது. ஒருவருக்கு 20 நிமிடம் என்றால், பத்து மணி நேரம் ஓயாமல் நின்றாலும் 30 பேர்தான். 5-க்கும் 30-க்கும் நடுவில் எதை எடுப்பது? கூட்டிப் பாதியாக்கினால் 17.5 வரும். இத்தகைய கணக்குகளில் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதே நல்லது. 150-இன் வர்க்கமூலம் சுமார் 12. அது 5-ஐப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 30 அதைப்போல் இரண்டரை மடங்கு. எந்தப் பக்கம் தவறினாலும் இரண்டரை மடங்குக்கு மேல் தவறாது.

"நாளைக்கு 12 பேர். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்துக்கு 26 நாள் என்றால் சுமார் 300 பேர். 5 லட்சத்தை 300-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,700 தொழிலாளர்கள்."

விடை வந்துவிட்டது என்று எழுந்துவிடக் கூடாது. வேறு வழியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மாதம் 300 பேர், தலைக்கு 120 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். வாடகை, மின்கட்டணம், சாமான் செலவு என்று பாதி போனாலும் 18,000 மிஞ்சும். ஒரு குடும்பம் சிக்கனமாக ஓட்டக்கூடிய தொகை. கணக்கு நிற்கிறது.

இப்போது ஒரு தவறான கணக்கைப் பாருங்கள். அவசரத்தில் மாதக் கணக்கான 5 லட்சத்தை நாள் கணக்கான 12-ஆல் வகுத்தால் 41,000-க்கு மேல் வரும். காகிதத்தில் மட்டும் பார்த்தால் இதுவும் ஒரு எண்தான். ஆனால் 12 ஆண்களுக்கு ஒரு முடிதிருத்துநர், அவருக்கு மாத வரவு 1,440 ரூபாய் என்று வாயால் சொன்ன உடனே இது நடக்காது என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்குகளில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஊகத்தின் பிழை அல்ல, நாளையும் மாதத்தையும் கலந்துவிடுவதுதான். ஒவ்வொரு எண்ணையும் அதன் அலகோடு சேர்த்துச் சொல்லிப் பழகினால் இது குறையும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மக்கள்தொகை 10 லட்சமா, 10 லட்சத்து 40 ஆயிரமா என்று தேடிப் பயனில்லை. கணக்கில் பலவீனமான கண்ணி அந்த 12-தான். ஒரு புதன்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்துச் சலூனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எண்ணினாலே விடை வெகுவாகத் திருந்தும். ஊகங்கள் சில கூடியும் சில குறைந்தும் இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும். பெருக்கும் எண்கள் மூன்றையும் இரண்டிரண்டு மடங்கு கூட்டிவைத்தாலோ விடை எட்டு மடங்கு வீங்கிவிடும்.

எண் கேட்காத புதிர்களிலும் வாய்விட்டுச் சொல்வது உதவும். 9 நாணயங்களில் ஒன்று மட்டும் எடை குறைவு. தராசை இரண்டே முறை பயன்படுத்தி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் தட்டுக்கு நான்காக வைத்து, ஒன்றை மட்டும் ஒதுக்கி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று மூன்று முறை நிறுத்துவிடுகிறார்கள். 1945-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா எழுதிய புகழ்பெற்ற நூலில், கடினமான கணக்கில் சிக்கினால் அதைப் போன்ற எளிய கணக்கை முதலில் போட்டுப் பார் என்கிறார். அப்படியே செய்வோம்.

"மூன்று நாணயம்தான் என்றால்? தட்டுக்கு ஒன்று. ஒரு பக்கம் மேலே போனால் அதுதான். சமமாக நின்றால்... வெளியே இருப்பதுதான்! அப்படியென்றால் தராசு மூன்று பதில் சொல்கிறது."

முடிந்தவரை எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. நாமாகப் போட்டுக்கொண்ட அந்த விதி, பேசாமல் இருந்தவரை கண்ணில் படவில்லை. இனி 9 நாணயம் எளிது. மும்மூன்றாகப் பிரித்து இரண்டு கூறுகளை நிறுத்தால் குறைவான நாணயம் எந்தக் கூறில் என்று தெரியும். அடுத்த முறை அந்த மூன்றில் ஒன்று.

வேலைக்கு ஆள் எடுக்க இத்தகைய புதிர்கள் பயன்படவில்லை என்று கூகுள் நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகவே சொன்னார். நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். பத்து நிமிடப் பதற்றத்தில் ஒருவரை எடைபோட முடியாது. வீட்டில் நிதானமாகப் போட்டுப் பழகுவது வேறு.

அதற்கு ஒன்று தருகிறேன். 12 நாணயங்களில் ஒன்று மட்டும் போலி. அது எடை குறைவா, கூடுதலா என்பதும் தெரியாது. மூன்று முறை நிறுத்து இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். சாத்தியங்கள் மொத்தம் 24. மூன்று முறைக்குத் தராசு தரக்கூடிய பதில்கள் 27. முதல் முறை எப்படி நிறுத்தாலும், மீதமுள்ள இரண்டு முறைக்கு 9 சாத்தியங்களுக்கு மேல் மிஞ்சக் கூடாது. தட்டுக்கு ஐந்து வைத்தால், சாயும்போது 10 மிஞ்சும். மூன்று வைத்தால், சமமாகும்போது 12 மிஞ்சும். நான்குக்கு நான்கு வைத்தால் மட்டும் எப்படியும் 8. முதல் அடி இதுதான். அடுத்த இரண்டை, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே போட்டுப் பாருங்கள்.