ஒரு தடவை துவைக்க எவ்வளவு ஆகிறது?

சயான் மார்க்கெட்டிலும் கோலிவாடா பக்கத்துக் கடைகளிலும் மாதச் சாமான் வாங்க வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். துவரம்பருப்பைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார்கள், தேங்காயைத் தட்டிப் பார்க்கிறார்கள். சோப்புத் தூளுக்கு வந்ததும் அந்தக் கவனமெல்லாம் போய்விடுகிறது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் ‘20 சதவீதம் கூடுதல்’ என்றோ ‘பக்கெட் இலவசம்’ என்றோ போட்டிருந்தால் அது பைக்குள் போய்விடும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் அபூர்வம். “கேப்சூல் எல்லாம் பணக்காரங்களுக்கு, நமக்குத் தூள்தான் கட்டுப்படியாகும்” என்று சொல்லி வாங்கிப் போகிறவர் வீட்டில் மெஷினுக்குள் இரண்டு கை அள்ளிப் போடுகிறார். அந்த இரண்டு கையில், அவர் வேண்டாமென்று விட்டுவந்த கேப்சூலைவிட அதிகக் காசு போகிறது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதலில், சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது என்பது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன்படி எம்.ஆர்.பி.யோடு ‘யூனிட் சேல் பிரைஸ்’ என்ற அலகு விலையையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு இவ்வளவு, அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு இவ்வளவு. லிக்விட் என்றால் மில்லி லிட்டர் அல்லது லிட்டர் கணக்கு. கேப்சூல் என்றால் ஒன்றுக்கு இவ்வளவு. அதே திருத்தத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. சோப்புத் தூளை இன்னின்ன எடையில்தான் கட்டி விற்க வேண்டும் என்றிருந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். எனவே 500 கிராம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வாங்குவது 450 ஆகவும் இருக்கலாம், 480 ஆகவும் இருக்கலாம். எடையைச் சரியாக அச்சிட்டிருந்தால் அது குற்றமில்லை. விலை ஏறவில்லை என்று மகிழ்வதற்கு முன் எடையைப் படியுங்கள்.

அலகு விலை நல்ல ஏற்பாடுதான். ஒரே வகைப் பொருளில் சின்ன பாக்கெட், பெரிய பாக்கெட் எது லாபம் என்பதை அது சொல்லிவிடும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது மூடநம்பிக்கை. பத்து ரூபாய்ப் பொட்டலம் கிராம் கணக்கில் மலிவாக இருக்கும் சமயங்கள் உண்டு, பார்த்தால்தான் தெரியும். ஆனால் தூளின் கிராமையும் லிக்விடின் மில்லியையும் கேப்சூலின் எண்ணிக்கையையும் எப்படி ஒப்பிடுவது? ஒரு தடவை துவைக்க என்ன விலை என்பதைப் போடச் சொல்லாமலே விதியை எழுதியவர்கள் பாதி வழியில் பேனாவை மூடிவிட்டார்கள். தொலைக்காட்சியில் லலிதாஜி, விலை குறைந்த தூளையும் சர்ஃபையும் ஒப்பிட்டுப் பேசியது 1980-களில். அரைக் கிலோ எவ்வளவு துணிக்கு வரும் என்பதுதான் அந்த விளம்பரத்தின் வாதமே. விளம்பரக்காரர்களுக்கு அப்போதே புரிந்தது அரசு அலுவலகங்களுக்கு இன்னும் எட்டவில்லை. மீதிக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

கணக்குக்கு இரண்டு எண்கள் போதும். ஒன்று, நீங்கள் கொடுத்த விலை. மற்றது, பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு லோடுக்கு என்று போட்டிருக்கும் அளவு. ‘இத்தனை தடவை துவைக்கலாம்’ என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது எத்தனை கிலோ துணிக்கு, எந்த மெஷினுக்கு, எவ்வளவு அழுக்குக்கு என்பதெல்லாம் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் பின்னால் இருக்கும்.

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏழு கிலோ டாப் லோடு மெஷின். மாதத்தில் 30 லோடு, அதில் 18 முழு லோடு, 12 பாதி லோடு. விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மெஷினுக்கான தூள் கிலோ 240 ரூபாய். லிக்விட் இரண்டு லிட்டர் ரீஃபில் பை 380 ரூபாய். கேப்சூல் 18 உள்ள டப்பா 414 ரூபாய்.

தூளில் கிராம் 24 பைசா. முழு லோடுக்கு 60 கிராம் என்று போட்டிருந்தால் 14 ரூபாய் 40 காசு. பாதி லோடுக்கு 35 கிராம் போதும், 8 ரூபாய் 40 காசு. மாதம் 360 ரூபாய். லிக்விடில் மில்லி 19 பைசா. முழு லோடுக்கு 60 மில்லி, பாதிக்கு 35 மில்லி. மாதம் 285 ரூபாய். கேப்சூல் ஒன்று 23 ரூபாய். அதைப் பாதியாக வெட்ட முடியாது, எனவே பாதி லோடானாலும் 23 ரூபாய்தான். மாதம் 690 ரூபாய். பெரிய லோடுக்கு இரண்டு போடச் சொல்லும் டப்பாக்களும் உண்டு, அப்போது 46 ரூபாய் ஆகிவிடும்.

இதுவரை கேப்சூல்தான் விலை அதிகம். இப்போது அந்த இரண்டு கைக்கு வருவோம். பெரியவர்கள் இரண்டு கை அள்ளினால் தாராளமாக 100 கிராம் வரும். லோடு பாதியா முழுசா என்று கை பார்ப்பதில்லை. 100 கிராம் 24 ரூபாய், முப்பது லோடுக்கு 720 ரூபாய். கேப்சூலைவிட முப்பது ரூபாய் அதிகம்! அளந்து போட்டிருந்தால் ஆகியிருக்கக் கூடியதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. கூடுதல் தூளால் துணி கூடுதலாக வெளுப்பதும் இல்லை. நுரை போகாமல் தங்கி இன்னொரு தடவை அலச வேண்டியிருக்கும். காயவைத்த பிறகு கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, துவைத்த துண்டை வெறும் தண்ணீரில் முக்கிப் பிழிந்தால் நுரை வந்தாலோ, நீங்கள் அளவுக்கு மீறிப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். கையால் அள்ளாதீர்கள்.

கரண்டி வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனியின் கரண்டியில் இன்னொரு கம்பெனித் தூளை அளக்காதீர்கள். ஒரு தூள் கனமாக இருக்கும், இன்னொன்று பொரியாக இருக்கும். ஒரே கரண்டியில் ஒன்று 60 கிராம் நின்றால் மற்றது 90 கிராம் நிற்கும். தூளை மாற்றும்போதெல்லாம் சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்து, கரண்டியில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். லிக்விட் மூடியிலும் இதே ஏமாற்றம் இருக்கிறது. மூடி நிறைய ஊற்றுவது அளவு இல்லை, உள்ளே ஒரு கோடு இருக்கும். ரீஃபில் பையில் மூடியளவு இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் இருமல் மருந்து அளவு மூடியை நன்றாகக் கழுவி ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு அதை மருந்துக்குப் பயன்படுத்தாமல் தனியாக வைத்துவிடுங்கள்.

தராசு இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே விலையையும் தேதியையும் எழுதுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கோடு போடுங்கள். பாக்கெட் தீர்ந்ததும் விலையைக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். எந்தக் கம்பெனியும் பொய் சொல்ல முடியாத கணக்கு அது.

சயானில் நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. மாநகராட்சிக் குழாயில் வருவது தான்சா, வைதர்ணா, பாத்சா ஏரித் தண்ணீர், உப்பு குறைந்தது. சாதாரண அழுக்குக்குப் பாக்கெட்டில் சொன்ன அளவின் குறைந்த பக்கத்தில் ஆரம்பித்துப் பார்க்கலாம். ஆனால் கட்டடத்தில் போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ கலந்து வந்தால் இது செல்லாது. சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்து, குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் மேலே தயிர்போல ஆடை கட்டினால் கடின நீர், முழு அளவு வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை திருநெல்வேலிக் கிணற்று நீருக்குப் போட்ட அளவையே இங்கும் போடுவார், அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. காலையில் கொஞ்ச நேரம் வருகிற குழாய்த் தண்ணீரில் ஒரே சோப்புத் தண்ணீரைப் பள்ளிச் சட்டைக்கும், பிறகு வண்ணத் துணிக்கும், கடைசியில் மிதியடிக்கும் ஓட்டுகிற வழக்கம் நல்ல வழக்கம். இரண்டாவது சுற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு தூள் சேர்த்தால் போதும். இதற்குத் தூளும் லிக்விடும்தான் தோது. கேப்சூல் ஒரு லோடு, ஒரு தண்ணீர் என்று நினைத்துச் செய்தது. கையால் துவைக்கிற மலிவுத் தூளை மட்டும் ஃப்ரன்ட் லோடு மெஷினில் போட்டுவிடாதீர்கள், நுரை பொங்கி மெஷின் நின்றுபோகும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கேப்சூல் வாங்குவதை யோசியுங்கள். பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். ஈரக் கை பட்டால் உறை கரையும், கடித்தால் உள்ளே உள்ள அடர்த்தியான திரவம் வாயிலும் கண்ணிலும் பீய்ச்சும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கழுவி, கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் காட்டி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள், மெஷின் மேல் வேண்டாம்.

இனி புகார் விஷயம். லேபிளே இல்லாத ஐந்து லிட்டர் கேனில் விற்கிற லிக்விடில் யார் செய்தது, எவ்வளவு, என்ன விலை, எந்த மாதம் என்ற விவரம் இல்லாவிட்டால் அது விதிமீறல். ஏமாந்த பிறகு கேட்க முகவரியும் இருக்காது. தண்ணீராக இருப்பதால் இரண்டு மடங்கு ஊற்றுவீர்கள், ஒரு தடவைக்கான கணக்கில் அது மலிவாகவும் இராது. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். ஆன்லைனில் விற்கிறவர்களும் எடை, விலை, தயாரித்தவர் முகவரியைத் திரையில் காட்டியாக வேண்டும்.

எடை குறைவு என்று தோன்றினால் அவசரப்பட்டுப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்த பாக்கெட்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை வித்தியாசத்தை விதியே அனுமதிக்கிறது, அதற்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் அதே பேட்ச் எண்ணில் பிரிக்காத இன்னொரு பாக்கெட்டைப் பில்லோடு வாங்குங்கள். பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். வீட்டுத் தராசு உங்கள் சந்தேகத்துக்கு மட்டும்தான் உதவும். சாட்சியாக நிற்பது மகாராஷ்டிர அரசின் எடையளவுத் துறை, மராத்தியில் ‘வைத் மாபன் யந்த்ரணா’, அதன் இன்ஸ்பெக்டர் நிறுத்துப் பார்க்கும் எடைதான். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பினால் காரியம் நடக்காது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் consumerhelpline.gov.in. புகார் பதிவானதும் ஒரு எண் தருவார்கள், அதைக் குறித்து வையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். இவை எதற்கும் பில் வேண்டும். அடுத்த மாதச் சாமான் வாங்கும்போது, கேட்காமல் தராத கடையிலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.